யார் செய்வார், எந்தத் தேதிக்குள்?

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் மினிட்ஸ் புத்தகங்களைப் புரட்டினால் ஒரே மாதிரியான வரிகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். “மொட்டை மாடி நீர்க்கசிவு குறித்து விவாதிக்கப்பட்டது. உரிய நடவடிக்கை எடுக்க முடிவு செய்யப்பட்டது.” கீழே தலைவரின் கையெழுத்து, தேதி, சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்ப். பார்வைக்கு எல்லாம் முறைப்படி இருக்கும். பக்கத்தைத் திருப்பினால் இரண்டு மாதம் கழித்து நடந்த கூட்டத்திலும் அதே வரிகள். அதற்குள் மழை வந்து, மேல்மாடி வீட்டுப் படுக்கையறையின் கூரையில் ஈரம் படர்ந்திருக்கும்.

இந்த வரிகளை எழுதியவர் பொய் எதுவும் எழுதவில்லை. விவாதம் நடந்தது, எல்லோரும் தலையும் அசைத்தார்கள். ஆனால் மறுநாள் காலையில் யார் எழுந்து யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை. “எடுக்கப்படும்”, “செய்யப்படும்”, “ஆவன செய்யப்படும்” என்று முடியும் வாக்கியங்களில் செய்கிறவருக்கு இடமே கிடையாது. அலுவலகக் கடிதங்களைப் பார்த்துப் பழகிய கை தானாக அப்படி எழுதிவிடுகிறது. கூட்டக் குறிப்பில் முதலில் மாற்ற வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான்.

குடியிருப்புச் சங்கத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அங்கே யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்லை. சம்பளம் இல்லை, பதவி உயர்வு இல்லை. ஒருவர் ஒப்புக்கொண்ட வேலையைச் செய்யவில்லை என்றால் கேட்பதற்குக் கையில் இருப்பது அந்தக் குறிப்பு மட்டுமே. அதனால் குறிப்பு எங்கே உறுதியாக நிற்கிறது, எங்கே ஆட்டம் காண்கிறது என்பது அங்கே நன்றாகத் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 24 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு. ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை காலையில் பொதுக்குழு கூடுகிறது. 19 வீட்டார் வந்திருக்கிறார்கள். செயலாளர் ஷாஜகான், பொருளாளர் முருகேசன், செயற்குழு உறுப்பினர் கல்பனா என்று பெயர் வைத்துக்கொள்வோம். மினிட்ஸ் எழுதுவது முதல் மாடியில் குடியிருக்கும் ஒரு இளம்பெண். முதல் பொருள், மொட்டை மாடி ஒழுகல்.

நாற்பது நிமிடம் பேசுகிறார்கள். மேல்மாடிக்காரர் கைப்பேசியில் ஈரச் சுவரின் படத்தைக் காட்டுகிறார். போன முறை அடித்த பூச்சு ஒரு வருடத்தில் உரிந்துவிட்டது என்கிறார் ஒருவர். தட்டோட்டை எடுத்துவிட்டு முழுதாகச் செய்தால்தான் நிற்கும் என்கிறார் இன்னொருவர். எங்கள் வீடு ஒழுகவில்லையே, நாங்கள் ஏன் பணம் தர வேண்டும் என்று தரைத்தளத்தில் இரண்டு வீட்டார் கேட்கிறார்கள். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்று பதில் வருகிறது. குரல் கொஞ்சம் உயர்கிறது. கடைசியில் தலைவர், “சரி, எல்லாருக்கும் சம்மதம்தானே? மழைக்கு முன்னாடி செஞ்சுடலாம். அடுத்து லிஃப்ட்” என்கிறார்.

குறிப்பு எழுதுபவரின் உண்மையான வேலை இந்த நொடியில்தான் இருக்கிறது. நாற்பது நிமிடப் பேச்சை வேகமாக எழுதிக்கொள்வது பெரிய திறமை இல்லை. லிஃப்டுக்குத் தாவுவதற்கு முன் கூட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும்.

“தலைவர் சார், ஒரு நிமிஷம். நான் எழுதினதைப் படிக்கிறேன், சரியான்னு சொல்லுங்க. பழைய தட்டோட்டை எடுத்துட்டு, வாட்டர்ப்ரூஃபிங் பண்ணி, புது ஓடு பதிக்கிறது. முதல்ல மூணு கொட்டேஷன் வாங்கணும். யார் வாங்கறாங்க?”

அறை அமைதியாகிறது. “முருகேசன் சார் வாங்கிடுவாரு” என்கிறது ஒரு குரல்.

“நான் பதினஞ்சாம் தேதி வரைக்கும் ஊர்ல இல்லையேம்மா. வசூல் வேலையை வேணா நான் பார்த்துக்கறேன்.”

“அப்ப நான் வாங்கறேன்” என்கிறார் கல்பனா. “ரெண்டு வாரம் வேணும். ஆளுங்க வந்து மாடியை அளந்து பார்க்கணும் இல்லையா?”

“சரிங்க மேடம். பதினாறாம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ளன்னு போட்டுக்கவா?”

“போடும்மா.”

இந்தச் சிறிய உரையாடல் மூன்று விஷயங்களைச் சாதித்துவிட்டது. முடிவானதாக எல்லோரும் நினைத்தது இன்னும் முடிவாகவில்லை என்பது அந்த அமைதியில் வெளியே வந்தது. பொறுப்பு தவறான ஆளின் தலையில் விழவிருந்தது தடுக்கப்பட்டது. தேதியைச் சொன்னவர் அந்த வேலையைச் செய்யப்போகிறவரே. வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுதியிருந்தால் “முருகேசன் கொட்டேஷன் வாங்குவார்” என்றுதான் எழுதியிருப்பார். அவரோ ஊரில் இல்லை. ஆகஸ்டில் பாதி வீணாகியிருக்கும்.

அன்று எழுதப்பட்ட குறிப்பில் முதல் பொருள் இப்படி இருக்கும்:

தீர்மானம் 1: மொட்டை மாடியின் பழைய தட்டோடுகளை எடுத்துவிட்டு, நீர்த்தடுப்புப் பூச்சு செய்து, புதிய ஓடு பதிப்பது. செலவு உச்சவரம்பு 3,60,000 ரூபாய்; வீட்டுக்கு 15,000 ரூபாய். வரம்பைத் தாண்டினால் மீண்டும் பொதுக்குழு ஒப்புதல் பெற வேண்டும். ஆதரவு 17, எதிர்ப்பு 2 (ஏ-1, ஏ-2: செலவை மேல்மாடி வீடுகளே ஏற்க வேண்டும் என்பது இவர்கள் கருத்து).

பணி 1: மூன்று கொட்டேஷன் வாங்கி, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது. கல்பனா. ஆகஸ்ட் 16, சனி, மாலை 6 மணிக்குள்.

பணி 2: செயற்குழுவைக் கூட்டி ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுத்து, பெயரையும் தொகையையும் அறிவிப்பது. ஷாஜகான். ஆகஸ்ட் 17, ஞாயிறு.

பணி 3: 24 வீடுகளிலும் தலா 15,000 ரூபாய் வசூலித்து, கொடுத்தவர் பட்டியலை ஒட்டுவது. முருகேசன். ஆகஸ்ட் 23, சனி.

பணி 4: பூச்சு காய்ந்ததும், ஓடு பதிக்கும் முன், மாடியில் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்து, கீழே கசிவு இல்லை என்பதைப் படத்துடன் தெரிவிப்பது. ஷாஜகான். செப்டம்பர் 13, சனி.

பணி 5: ஓடு பதித்து முடித்து, ஒப்பந்தக்காரரின் உத்தரவாதக் கடிதத்தைப் பெறுவது. ஷாஜகான். செப்டம்பர் 30, செவ்வாய்.

அவ்வளவுதான். நாற்பது நிமிடப் பேச்சிலிருந்து நின்றது இதுதான். யார் குரலை உயர்த்தினார், யார் யாரை என்ன சொன்னார் என்பதற்கு இங்கே இடம் இல்லை. ஆனால் எதிர்த்த இரண்டு வீட்டாரின் கருத்து ஒரு வரியில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு “ஏகமனதாக” என்று எழுதினால், வசூலுக்குப் போகும் முருகேசன் அந்த இரண்டு கதவுகளிலும் சண்டையைத்தான் சந்திப்பார். எங்கள் எதிர்ப்பு பதிவாகியிருக்கிறது என்று தெரிந்தால், பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்படுவது அவர்களுக்கும் கொஞ்சம் எளிதாகிறது.

தீர்மானமும் பணியும் தனித்தனியாக நிற்பதைக் கவனியுங்கள். தீர்மானம் என்பது சங்கம் ஒப்புக்கொண்டது; பணி என்பது ஒரு மனிதர் செய்ய வேண்டியது. இரண்டையும் ஒரே பத்தியில் குழைத்தால் பணி காணாமல் போய்விடும். சில தீர்மானங்களுக்குப் பணியே தேவைப்படாது. இரவு பத்து மணிக்கு மேல் மாடியில் பந்து விளையாடக் கூடாது என்பது முடிவு மட்டுமே. அதற்கு ஒரு பொறுப்பாளரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஒரு பணிக்கு ஒரே பெயர் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. “முருகேசனும் கல்பனாவும்” என்று எழுதினால் அவர் செய்வார் என்று இவரும், இவர் செய்வார் என்று அவரும் இருப்பார்கள். “செயற்குழு” என்று எழுதினால் ஐந்து பேரும் அப்படி இருப்பார்கள். உதவிக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் வரட்டும். பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர்தான். இரண்டாவது பணியில் ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுப்பது செயற்குழு, அதைக் கூட்டி முடித்துவைப்பது ஷாஜகான். கூட்டத்துக்கு வராதவர் பெயரில் பணி எழுத நேர்ந்தால் அங்கிருந்தே போன் செய்து கேட்டுவிட வேண்டும். கிடைக்கவில்லை என்றால் “கேட்டு உறுதி செய்யும் பொறுப்பு ஷாஜகான், நாளை” என்று எழுத வேண்டும். இல்லாதவர் தலையில் கட்டிய வேலை பெரும்பாலும் நடப்பதில்லை, கேட்டால், “என்னைக் கேட்டா எழுதினீர்கள்?” என்பார். அது நியாயமான கேள்வி.

தேதிகள் கடைசியிலிருந்து முன்னோக்கிக் கணக்கிடப்பட்டிருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது. செப்டம்பரிலும் மாலை இடிமழை சில நாள் வேலையைக் கெடுக்கும். அதனால் செப்டம்பர் 30 என்று வைத்து, சுமார் மூன்று வாரத்தைக் கையிருப்பாக விட்டிருக்கிறார்கள். அங்கிருந்து பின்னோக்கி வந்தால்தான் கொட்டேஷனுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் கொடுக்க முடியாது என்பது தெரிகிறது. “விரைவில்”, “அடுத்த கூட்டத்துக்குள்”, “மழைக்கு முன்” என்று எழுதியிருந்தால் இந்தக் கணக்கையே யாரும் போட்டிருக்க மாட்டார்கள். “மழைக்கு முன்” என்பது ஒருவருக்கு ஆகஸ்ட், இன்னொருவருக்குத் தீபாவளிக்கு முந்தின வாரம்.

இன்னொன்றும் முக்கியம். வேலை முடிந்தது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? நான்காம் பணியில் “வேலையை மேற்பார்வையிடுவது” என்று எழுதியிருந்தால் அது என்றைக்கு முடியும்? 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் கீழே ஈரம் இல்லை என்று படம் போடுவது என்றால், செய்தாரா இல்லையா என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. “கவனிப்பது”, “பின்தொடர்வது”, “பேசிப் பார்ப்பது” போன்ற சொற்கள் பணியில் வந்தால் எழுதுபவர் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: முடிவில் எங்கள் கைக்கு என்ன வரும்?

பெரிய கம்பெனிகளில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 118ஆம் பிரிவில், கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் நடவடிக்கைக் குறிப்பு புத்தகத்தில் ஏற வேண்டும் என்கிறது. இயக்குநர் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை எதிர்த்தவரின் பெயரையும் பதிய வேண்டும். ஒருவரை அவதூறு செய்வது, நடந்த விஷயத்துக்குத் தொடர்பில்லாதது போன்றவற்றைத் தலைவர் சேர்க்க விடாமல் தடுக்கலாம். இந்தியக் கம்பெனிச் செயலர்கள் நிறுவனம் வகுத்த விதிமுறைப்படி, வரைவுக் குறிப்பை 15 நாளுக்குள் இயக்குநர்களுக்கு அனுப்பி, திருத்தம் சொல்ல 7 நாள் தர வேண்டும். குடியிருப்புச் சங்கத்தை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. வரைவு, திருத்தத்துக்கு நாள், பிறகு புத்தகம் என்ற வரிசையை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். கால அளவை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நம் எடுத்துக்காட்டில் முதல் பணியே 13 நாளில் முடிய வேண்டும். குறிப்பு 15ஆம் நாள் வந்தால் யாருக்கு என்ன பயன்?

ஆகவே அன்றிரவே அனுப்ப வேண்டும். அதிகம் போனால் மறுநாள். பெரும்பாலான சங்கங்களுக்கு வழி வாட்ஸ்அப் குழுதான். அங்கே வழக்கமாக நடப்பது, நோட்டுப் புத்தகத்தில் எழுதிய பக்கத்தைப் படம் எடுத்துப் போடுவது. பாதி எழுத்து நிழலில் மறைந்திருக்கும். இரண்டு வாரம் கழித்துத் தேடினால் கிடைக்காது. குறிப்பைத் தட்டச்சு செய்து செய்தியாகவே போட்டால், “கொட்டேஷன்” என்று தேடினாலே வந்து நிற்கும். செய்தியின் தொடக்கத்தில் பணிகள், பிறகு தீர்மானங்கள், வந்தவர் விவரம் எல்லாம் கடைசியில். கைப்பேசியில் படிப்பவர் முதல் சில வரிகளுக்கு மேல் விரித்துப் பார்ப்பார் என்று நம்ப முடியாது. அவர் பெயரும் தேதியும் அந்த முதல் வரிகளில் இருக்கட்டும்.

அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்த வாட்ஸ்அப் இடம் தருகிறது; எழுத்துப்பிழைக்கு அது போதும். முப்பது நாள் வரை செய்தியை மேலே பின் செய்து வைக்கலாம். குழுவில் செய்திகள் தானாக அழியும் அமைப்பு இயங்கினால் அதை நிறுத்திவிட வேண்டும். செய்தியின் அடியில், “திருத்தம் இருந்தால் செவ்வாய் இரவு 9 மணிக்குள் சொல்லவும்” என்று ஒரு வரி. யாராவது திருத்தம் சொன்னால் பழைய செய்தியை அழித்துவிடாமல், “திருத்தம்: பணி 3இல் தேதி ஆகஸ்ட் 24” என்று தனியாகப் போட வேண்டும். சத்தமில்லாமல் மாற்றிய குறிப்பை அதற்குப் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள். செவ்வாய் கழிந்ததும் இறுதி வடிவம் மினிட்ஸ் புத்தகத்துக்குப் போகும், தலைவர் கையெழுத்திடுவார். வாட்ஸ்அப் பார்க்காத பெரியவர்கள் எந்தக் குடியிருப்பிலும் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு பிரதி லிஃப்ட் அருகே ஒட்டப்பட வேண்டும்.

சட்டப் புத்தகம் எதையும் படிக்காமலே இதைச் சிறப்பாகச் செய்கிறவர்கள் நம் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுக்கள். ஒழுங்காக நடக்கும் குழுவின் தீர்மானப் புத்தகத்தில், இந்த உறுப்பினருக்கு இவ்வளவு கடன், ஆடு வாங்க அல்லது மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு, இத்தனை தவணையில் திருப்புவது என்று இருக்கும். ஆள், தொகை, காரணம், தேதி நான்கும் ஒரே பதிவில். கூட்டம் கலைவதற்கு முன் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டி, வந்தவர் எல்லோரும் கையெழுத்து போடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினரும் தன் காதால் கேட்டு ஒப்புக்கொண்ட பதிவு அது. வங்கிகள் குழுக்களை மதிப்பிடும்போது கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவணை ஆகியவற்றோடு புத்தகங்கள் அன்றன்றைக்கு எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பார்க்கின்றன. படித்த மனிதர்கள் நிறைந்த குடியிருப்புச் சங்கங்கள் இவர்களிடமிருந்து இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குறிப்பின் மறுபாதி வேலை அடுத்த கூட்டத்தில் இருக்கிறது. புதிய பொருளுக்குப் போவதற்கு முன் பழைய பணிகளை வரிசையாகப் படிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பதில்: முடிந்தது, முடியவில்லை, தேதி மாறியது. விளக்கம் ஒரு வாக்கியம் போதும். இதை விசாரணையாக மாற்றினால் அடுத்த முறை யாரும் பொறுப்பு ஏற்க மாட்டார்கள். தேதி மாறினால் பழைய தேதியை அடித்துவிட்டு, அது தெரியும்படியே பக்கத்தில் புதிய தேதியை எழுத வேண்டும். முருகேசனின் வசூல் ஆகஸ்ட் 23இலிருந்து செப்டம்பர் 6க்குப் போய், அங்கிருந்து 20க்குப் போனால், முருகேசனிடம் குறை காண்பதற்கு முன் வேறொன்றை யோசிக்க வேண்டும். ஒருவேளை நாலைந்து வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பணம் அனுப்ப அவர்களுக்கு வங்கி விவரமே போயிருக்காது. மூன்று தேதிகள் வரிசையாகத் தெரிந்தால்தான் அந்தக் கேள்வி எழும். பழைய தேதியை அழித்துவிட்டால் ஒவ்வொரு முறையும் அது புதிய தாமதமாகவே தோன்றும்.

மூன்றாவது கூட்டத்திலும் ஒரு பணி அப்படியே நின்றால், மறுபடி தேதி கொடுப்பதில் பொருள் இல்லை. வேறு ஆளுக்கு மாற்ற வேண்டும், அல்லது இது இப்போது நமக்கு வேண்டாம் என்று வெளிப்படையாகத் தீர்மானித்துக் கைவிட வேண்டும். கைவிடுவதும் ஒரு முடிவுதான். அதுவும் புத்தகத்தில் ஏறட்டும்.

நம் சங்கத்துக் குறிப்பு சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று உண்டு. கூட்டத்துக்கு வராத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். திங்கட்கிழமை யார் என்ன செய்யப்போகிறார் என்று அவர் யாரையும் கேட்காமல் சொன்னால் குறிப்பு சரி. “இது யாரு பார்க்கறாங்க?” என்று அவர் கேட்டால், அந்த வரியைத்தான் திருத்த வேண்டும்.

எவ்வளவு நல்ல குறிப்பாக இருந்தாலும் அதற்கு எல்லை உண்டு. பணம் இல்லாத சங்கத்துக்குப் பணம் கொண்டு வராது. மனமில்லாதவரை வேலை செய்ய வைக்காது. நீதிமன்றம் வரை போகும் சண்டையில் அது சான்றாக நிற்கலாம். சண்டையே வராமல் தடுக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. எதை ஒப்புக்கொண்டோம் என்பதில் மட்டும் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளும்.

நிர்வாகக் குழு மாறும் நேரத்தில்தான் பல சங்கங்களில் மினிட்ஸ் புத்தகம் காணாமல் போகிறது. பழைய செயலாளர் வீட்டு அலமாரியில் கிடக்கும், அவர் வீட்டை விற்றுவிட்டுப் போனால் அதுவும் கூடவே போகும். அது செயலாளரின் சொத்து இல்லை, சங்கத்தின் சொத்து. பதவியிலிருந்து விலகுகிறவர்கள் சாவிக் கொத்தையும் வங்கிப் புத்தகத்தையும் ஒப்படைக்கும் அதே நாளில் மினிட்ஸ் புத்தகத்தையும் ஒப்படைத்து, முடியாமல் நிற்கும் பணிகளைப் பெயரோடும் தேதியோடும் ஒரு தாளில் எழுதி, புதிய செயலாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.